"இன்னும் நாலு நாள் வேண்டும்!"
சொன்ன தேதியில் வேலை முடியாதபோது வாடிக்கைக்காரரிடம் எப்படிப் பேசுவது?

"காஜா போடும் பையன் வரவில்லை."

"கரண்ட் இல்லை."

"பாட்டிக்கு உடம்பு சரியில்லை."

தையற்கடை வாசலில் நின்று இந்த மூன்றையும் கேட்காதவர்கள் உண்டா? சட்டையை வாங்கப் போகிறோம். துணி, நாம் கொடுத்த கட்டிலேயே கிடக்கிறது. கடைக்காரர் ஒரு காரணம் சொல்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாம் நம்புவதில்லை.

ஏன் நம்புவதில்லை? உண்மையைச் சொன்னாலும் அது சாக்குப்போக்காகக் காதில் விழுவது ஏன்?

இதற்கு விடை சொல்லும் ஒரு தையற்காரரின் கதை இது. அவர் என் நண்பர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிறிய ஊரில் சிறிய கடை. மூன்று தையல் மெஷின். அவரும் இரண்டு ஆட்களும் தைக்கிறார்கள்.

எண்பது பாவாடை

பக்கத்தில் உள்ள பெண்கள் ஆரம்பப் பள்ளி ஒன்று அவரிடம் சீருடை தைக்கக் கொடுத்தது. 80 சிறுமிகளுக்கு ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு பாவாடை. துணியும் அவரே வாங்கித் தைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள்.

வேலை ஒழுங்காகவே நடந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை மாலை 80 சட்டையும் முடிந்து அடுக்கில் இருந்தன. பாவாடையில் 30 முடிந்துவிட்டது. பாக்கி 50. ஒரு மெஷினில் நாளைக்கு நாலு மடிப்புப் பாவாடை தைக்கலாம். மூன்று மெஷினுக்குப் பன்னிரண்டு. ஐந்து நாளில் அறுபது. ஆகவே, சனிக்கிழமைக்குள் 50 பாவாடையும் தாராளமாக முடியும்.

அந்த நேரத்தில்தான் ஒரு தாய் கடைக்கு வந்தார். அவருடைய மகள் ஒன்றாம் வகுப்பு. அளவு சரிதானா என்று பார்க்க, அவளுக்கு மட்டும் ஒரு பாவாடையை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள்.

"மாஸ்டர், போன வாரம் சரியாகத்தான் இருந்தது. நேற்றுத் துவைத்துப் போட்டேன். இன்றைக்கு இடுப்பில் கொக்கி மாட்ட வரவில்லை!"

தையற்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. பாவாடையை வாங்கி அளந்தார். 40 சென்டிமீட்டர் உயரம் வைத்துத் தைத்தது. இப்போது 38 தான் இருந்தது.

ஒரு துண்டுத் துணி சொன்ன உண்மை

துணி சுருங்குவது புதுமை அல்ல. நெய்யும்போதும் ஆலையில் முடிக்கும்போதும் பருத்தி நூலை இழுத்துப் பிடிக்கிறார்கள். நூல் அந்த இழுப்பிலேயே நிற்கிறது. முதல் தடவை தண்ணீரில் நனைந்ததும் இழுப்பு விட்டுப்போகிறது. துணி சுருங்குகிறது. அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும்.

இதற்காகவே சில துணிகளை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கி அனுப்புகிறார்கள். "சான்போரைஸ்" செய்த துணி என்பது அதுதான். அப்படிச் செய்யாத பருத்தித் துணியைத் தையற்காரர் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

நமது நண்பர் வழக்கமாக வாங்கும் துணி சுருங்காத துணி. இந்தத் தடவை அது கிடைக்கவில்லை. நிறம் பொருந்திய வேறு துணியை வாங்கினார். அவசரத்தில் நனைக்காமல் வெட்டிவிட்டார்.

அன்று இரவே அவர் ஒரு சோதனை செய்தார். கட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டினார். நீளவாக்கில் சரியாக 50 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டார். தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்தார். மீண்டும் அளந்தார். 47½!

நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விட்டது. அப்படியானால் தைத்து முடித்த 30 பாவாடையும் முதல் சலவையிலேயே பிடிக்கும்.

மனைவி கேட்ட கேள்வி

அப்போது அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, யாருக்கும் சொல்லாமல் அப்படியே தைத்துச் சனிக்கிழமை கொடுத்துவிடுவது. கெடு தவறாது. ஆனால் ஒரு வாரத்தில் 80 தாய்மார்கள் கடை வாசலில் நிற்பார்கள்.

மற்றொன்று, தவணை கேட்பது.

"கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை ஒரு பிற்பகல் முழுவதும் மின்சாரம் இல்லாமல் இருந்தது உண்மைதான்.

மனைவி சிரித்தார். "அரை நாள் கரண்ட் போனதற்கு நாலு நாள் கேட்பீர்களா? பள்ளிக்கூடத்து டீச்சருக்குக் கணக்குத் தெரியாதா?" என்றார்.

இந்த ஒரு கேள்வியில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சாக்குப்போக்கு என்பது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மின்சாரம் போனது மெய்தான். ஆனால் நாலு நாள் தாமதத்துக்கு அது காரணம் அல்ல. காரணம் ஒரு முழம், கேட்கும் நாள் நாலு முழம் என்றால், கேட்பவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

ஆகவே காரணத்தைச் சொல்லும்முன் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். "இது மட்டும் நடக்காமல் இருந்தால் வேலை தேதிக்கு முடிந்திருக்குமா?" முடிந்திருக்கும் என்றால் அதுதான் காரணம். அதை மட்டும் சொன்னால் போதும். மின்சாரம், மழை, காஜா பையன் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால், உண்மையான காரணமும் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும்.

முதலில் கணக்கு, பிறகு பேச்சு

நண்பர் உடனே டெலிபோனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். "எவ்வளவு நாள் ஆகும்?" என்பதுதான் எதிரில் இருப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வி. "பார்த்துச் சொல்கிறேன்" என்று விழித்தால், அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

அவர் போட்ட கணக்கு இதுதான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். தைத்த 30 பாவாடையையும் நனைக்க வேண்டும். அன்று தையல் கிடையாது.

தைத்த 30-ஐத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கீழ்மடிப்பில் ஐந்து சென்டிமீட்டர் துணி உள்ளே இருக்கிறது. அதில் இரண்டை இறக்கிவிட்டால் உயரம் சரியாகிவிடும். இடுப்புப் பட்டியைப் பிரித்து, மடிப்பைத் தளர்த்தி, கொக்கியைத் தள்ளி வைத்தால் இடுப்பும் சரியாகிவிடும். மூன்று மெஷினிலும் சேர்ந்து நாளைக்கு 18 பாவாடையைச் சரிசெய்யலாம்.

ஆக, 30-ஐச் சரிசெய்ய இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. புதிதாக 50 தைக்க நாலு நாளுக்குச் சற்று அதிகம். மொத்தம் ஆறு நாள். புதன் முதல் சனி வரை நாலு நாள்தான் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை. பாக்கி இரண்டு நாள் வேலை திங்களும் செவ்வாயும் நடக்கும்.

எதை முதலில் செய்வது? இதிலும் ஒரு யோசனை இருந்தது. புதிய பாவாடைகளை முதலில் தைத்தால் சனிக்கிழமைக்குள் 48 தான் முடியும். சரிசெய்யும் வேலை சீக்கிரம் முடிவது. அதை முதலில் முடித்துவிட்டு மீதி நேரத்தில் புதியதைத் தைத்தால், 30-ம் 28-ம் சேர்ந்து 58 முடிந்துவிடும்! ஆட்களும் அதே ஆட்கள், நாட்களும் அதே நாட்கள். ஆனால் பத்துக் குழந்தைகளுக்கு அதிகமாகப் பாவாடை கிடைக்கும்.

பாக்கி 22. செவ்வாய் மாலைக்குள் முடியும்.

எத்தனை நாள் கேட்பது?

செவ்வாய்க்கிழமை என்றே கேட்டுவிடலாமா? கூடாது என்று முடிவு செய்தார். அன்று இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் மறுபடியும் தவணை கேட்க வேண்டிவரும். முதல் தவணையைப் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் தவணை கேட்டால், முதலில் சொன்ன உண்மையும் பொய்யாகிவிடும்.

அப்படியானால் ஒரு வாரம் கேட்டுவிட்டால் என்ன? அதுவும் சரியல்ல. ஆறு நாள் வேலை என்று காட்டிவிட்டு, தேவைக்கு மேல் நாள் கேட்டால், "இடையில் வேறு வேலை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்" என்றுதான் தோன்றும்.

ஒரே ஒரு நாள் சேர்த்துக்கொண்டார். புதன்கிழமை. அந்த ஒரு நாள் எதற்கு என்பதையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

தலைமையாசிரியையின் அறையில்

செவ்வாய் காலை துணியை ஊறவைத்துவிட்டு நேரே பள்ளிக்குப் போனார். கெடுவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. இதுவே பாதிப் பலம். கெடுவுக்கு முன்னால் சொல்லும் காரணம் செய்தி. எதிரில் இருப்பவர் அதை வைத்து ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம். கெடு தாண்டியபிறகு சொல்லும் காரணம், அது எவ்வளவு உண்மையானாலும், சாக்குத்தான்.

கையில் இரண்டு பொருள்கள் கொண்டுபோனார். ஒன்று, சுருங்கிய பாவாடை. மற்றொன்று, கோடு போட்ட அந்தத் துண்டுத் துணி.

உட்காரும்முன்பே பேச்சைத் தொடங்கினார்.

"டீச்சர், சனிக்கிழமை 80 பாவாடையும் தர முடியாது. 58 தருவேன். மீதி 22 புதன்கிழமை மாலை தருவேன். தப்பு என்னுடையது. துணியை நனைக்காமல் வெட்டிவிட்டேன். அது சுருங்குகிறது."

கவனித்தீர்களா? தாமதம் எவ்வளவு என்பது முதலில் வந்தது. காரணம் பிறகு வந்தது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வெயில், மழை, ஆள் கஷ்டம் என்று கால் மணி நேரம் சுற்றிவிட்டுக் கடைசியில், "அதனாலே கொஞ்சம்..." என்று இழுக்கிறோம். கேட்பவர் அந்தக் கால் மணி நேரமும், "இவர் என்ன கேட்கப்போகிறார்?" என்ற கவலையிலேயே இருக்கிறார். காரணம் காதில் ஏறுவதில்லை.

"துணிக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று அவர் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். துணி சுருங்கியது துணியின் குணம். சோதிக்காமல் வெட்டியது தையற்காரரின் செயல். தன் பங்கைத் தானே சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் அதைத் தேடிப் பிடிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

தலைமையாசிரியை துண்டுத் துணியை வாங்கினார். மேஜையிலிருந்து அடிக்கோலை எடுத்து அவரே அளந்தார். 47½. சிறிது நேரம் பேசவில்லை. முகத்தில் கோபம் தெரிந்தது.

"திங்கட்கிழமை இறைவணக்கத்துக்கு எல்லாப் பெற்றோரும் வருகிறார்கள். நான் என்ன சொல்வது மாஸ்டர்?"

நண்பர் பதில் சொல்லவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்று அவருக்குத் தெரியும். "டீச்சர், என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள்" என்று அப்போது சொல்லியிருந்தால், கஷ்டம் யாருக்கு என்ற வழக்கு ஆரம்பமாகியிருக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை தைக்கக்கூடாதா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆட்களுக்கு விடுமுறை. நான் மட்டும் உட்காருவேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. செவ்வாய் இரவே முடிந்துவிடும் என்பது என் கணக்கு. கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு நாள் கூட்டிச் சொன்னேன். நனைக்கும் செலவு, கூடுதல் துணி எல்லாம் என் பொறுப்பு."

யாருக்கு முதலில்?

பிறகுதான் நண்பர் முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"58 பாவாடை யார் யாருக்கு முதலில் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் டீச்சர்."

டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஐந்தாம் வகுப்பில் 22 பேர். மற்ற நாலு வகுப்பிலும் சேர்ந்து 58 பேர்!

"ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் போன வருடத்துப் பாவாடை இருக்கிறது. கொஞ்சம் உயரம் குறைவாக இருக்கும், பரவாயில்லை. ஒன்றாம் வகுப்புக்குப் பழைய பாவாடை ஏது? மேலும், ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு இருந்து இரண்டு பேருக்கு இல்லாவிட்டால் அந்த இரண்டும் அழும். முழு வகுப்புக்கும் இல்லை என்றால் யாருக்கும் குறை தெரியாது" என்றார்.

இது தையற்காரருக்குத் தோன்றக்கூடிய யோசனை அல்ல. வாடிக்கைக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தவணை கேட்பவர், "எல்லாவற்றையும் புதன்கிழமை தருகிறேன்" என்று முடித்துவிட்டால், இந்த வழி திறக்காது.

சில வேலைகளில் தேதியைத் தள்ளவே முடியாது. முகூர்த்தத்துக்கு வேண்டிய ரவிக்கையை மறுநாள் கொடுத்து என்ன பயன்? அங்கே தவணை கேட்பதே தவறு. வேறு தையற்காரரிடம் கொடுத்தாவது முடிக்க வேண்டும். அல்லது நாள் இருக்கும்போதே துணியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முகூர்த்த ரவிக்கை ஒன்றை முடித்துவிட்டு மற்றவற்றுக்கு நாள் கேட்பது வேறு விஷயம்.

நாலு வரிக் கடிதம்

டீச்சர் சம்மதித்தார். நண்பர் கடைக்குத் திரும்பியதும், பேசியதை அப்படியே எழுதிச் செல்போனில் அனுப்பினார்.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம். துணியை நனைக்காமல் நான் வெட்டியதால் பாவாடைகளைச் சரிசெய்ய வேண்டியுள்ளது. 80 சட்டைகளும், ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை 58 பாவாடைகளும் சனிக்கிழமை மாலை தருவேன். ஐந்தாம் வகுப்புக்கு 22 பாவாடைகள் புதன்கிழமை மாலை தருவேன். கூடுதல் செலவு என்னுடையது. தங்களுக்குச் சம்மதம் என்று ஒரு வரி அனுப்ப வேண்டுகிறேன்."

"சம்மதம்" என்று பதில் வந்தது.

வாய்ப்பேச்சு போதாதா? நல்லவர்களுக்குள்ளும் ஞாபகம் மாறும். புதன் என்றது ஒருவருக்குச் செவ்வாய் என்று நினைவில் நிற்கலாம். சட்டமும் இதைக் கவனிக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வேலையை வாங்கிக்கொள்ள வேண்டியவர் கெடுவை நீட்டித் தரலாம் என்று அதன் 63-வது பிரிவு கூறுகிறது. காலம்தான் முக்கியம் என்று இருவரும் கருதிச் செய்த ஒப்பந்தத்தில் கெடு தவறினால், வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்பது 55-வது பிரிவு. அப்படி ரத்து செய்யாமல் தாமதமாக வாங்கிக்கொண்டால், பிறகு நஷ்டஈடு கேட்க முடியாது. வாங்கும்போதே, "நஷ்டஈடு கேட்பேன்" என்று சொல்லியிருந்தால்தான் கேட்கலாம். ஆகவே புதிய தேதியை எழுதிவைப்பது கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்குமே பாதுகாப்பு.

புதன்கிழமை

சனிக்கிழமை மாலை 58 பாவாடையும் பள்ளிக்குப் போயின. வகுப்பு வாரியாகக் கட்டி, மேலே சீட்டு ஒட்டி அனுப்பினார். திங்கட்கிழமை மின்சாரம் மூன்று மணி நேரம் போய்விட்டது! செவ்வாய் இரவு இரண்டு பாவாடை பாக்கி நின்றது. கூட்டிக் கேட்ட அந்த ஒரு நாள் கைகொடுத்தது. புதன் காலை பதினொரு மணிக்கே 22-ம் பள்ளியில் இருந்தன.

கூடுதல் துணிக்கும் ஆட்கூலிக்கும் அவருக்குச் செலவு ஆனது. அந்த வேலையில் லாபம் என்று பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. அதை மறைக்காமல் சொன்னார்.

போன வாரம் அவர் கடைக்குப் போயிருந்தேன். அந்தத் துண்டுத் துணியை மெஷினுக்கு எதிரே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். கோட்டின் ஒரு முனையில் 50 என்றும், பக்கத்தில் 47½ என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறது.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"புதுத் துணி வந்தால் முதலில் இதே மாதிரி ஒரு துண்டு வெட்டி நனைத்துப் பார்க்கிறேன். அதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துத்தான் இப்போது தேதி சொல்கிறேன்" என்றார்.

வாசலில் ஓர் அம்மாள் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார். "எப்போது கிடைக்கும்?" என்று கேட்டார்.

நண்பர் துணியைத் தடவிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை அம்மா. இதை ஒரு நாள் நனைக்க வேண்டும்" என்றார்.